தறி நின்ற பிறகு பேசுவது: சேலத்தில் போனில் எடுத்த ஒரு முதல் குறும்படம்

பின்னணி

சேலம் அம்மாப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் தங்கள் முதல் குறும்படத்தை எடுக்க முடிவு செய்தார்கள். ஒருவர் கல்லூரி மாணவர், இருவர் வேலைக்குப் போகிறவர்கள், நடிக்க முன்வந்த பெண் அவர்களில் ஒருவரின் அத்தை மகள். கையில் இருந்தவை நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்று, ஒலிப்பதிவுக்கு இன்னொரு பழைய போன், சில நூறு ரூபாய் விலையில் ஒரு வயர் காலர் மைக், கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு அண்ணனிடம் இரவல் வாங்கிய முக்காலி. விளக்கு எதுவும் இல்லை. ஒலிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் உதவ என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் படப்பிடிப்பையும் அதன் பிறகு நடந்ததையும் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

முதலில் எழுதிய கதை ஏற்காட்டில் நடப்பது. நண்பர்கள் பைக்கில் மலை ஏறுகிறார்கள், வழியில் ஒரு சண்டை, ஏரிக்கரையில் சமாதானம். பரீட்சார்த்தமாக ஒரு நாள் மேலே போய் எடுத்துப் பார்த்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்சீட்டிலிருந்து எடுத்த காட்சிகள் ஒன்றுகூடத் தேறவில்லை. மேலே மூடுபனி நகர நகர, போனின் தானியங்கி வெளிச்ச அளவு ஒரே ஷாட்டுக்குள் ஏறி இறங்கியது. எல்லாவற்றையும்விடக் காற்றுதான் பெரிய தொந்தரவு. மைக்கில் நேராக அடித்த காற்று பேச்சின் மேல் தடதடவென்று ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்படிப் பதிவானதை எந்த மென்பொருளாலும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

இறங்கி வரும்போது அடிவாரச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டினோம். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ. இன்று அந்த வளைவுதான் மிச்சம். ஸ்டுடியோ என்ற ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அன்று பதிவு செய்த காற்றுச் சத்தமே போதுமான விளக்கம். வெளிச்சத்தை எங்கேயும் ஓரளவு சமாளித்துவிடலாம், தேவையில்லாத சத்தத்தை வெளியே நிறுத்த நாலு சுவர் வேண்டும்.

கதை மாறிய விதம்

ஏற்காட்டுக் கதையைக் கைவிட்டு, குழுவில் ஒருவரின் மாமா வைத்திருந்த விசைத்தறிக் கூடத்துக்குள்ளேயே நடக்கும் கதை ஒன்றை எழுதினார்கள். செலவில்லாத இடம், கதவைச் சாத்திக்கொள்ளலாம், காற்று வராது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்ட மகள், தறி ஓட்டும் அப்பாவிடம் அதைச் சொல்ல வருகிறாள். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவள் கத்துகிறாள். அவர் தறியை நிறுத்துகிறார். இதுதான் முதல் வடிவம்.

மாமாவிடம் படித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். "இங்க யாரும் கத்த மாட்டாங்க கண்ணு. வாயைப் பார்த்தே என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்குவோம். இத்தனை வருஷம் ஓட்டிட்டு அது கூட வராதா?"

கதையின் ஆதாரமே இதனால் ஆட்டம் கண்டது. ஆனால் சரியான வழியும் அதிலேயே இருந்தது. அப்பாவால் உதட்டசைவைப் படிக்க முடியும் என்றால், மகள் முகத்தைக் காட்டாமல் பேசினால்தான் அவருக்குப் புரியாமல் போகும். படிப்பை விட்டதை அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாத பெண் குனிந்துகொண்டுதான் சொல்வாள். அவள் ஏதோ சொல்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது. அதைக் கேட்பதற்காகத் தறிகளை நிறுத்துகிறார்.

இரண்டாவது திருத்தமும் மாமா சொன்னதுதான். அந்தக் கூடத்தில் ஒரே ஆள் நான்கு தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்றை நிறுத்தினால் மற்ற மூன்றும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அப்பா ஒவ்வொரு தறியாக நடந்து போய், அந்தந்தக் கைப்பிடியால் நான்கையும் நிறுத்த வேண்டும். நெய்த அளவுக்குத்தான் கூலி, நின்ற தறிக்குக் காசு கிடையாது. ஒரு வசனமும் இல்லாமல், அவர் மகளுக்காக என்ன விட்டுக்கொடுக்கிறார் என்பது அந்த நான்கு கைப்பிடிகளில் தெரிந்துவிடும். முதல் வடிவத்தில் இரண்டு பக்கம் இருந்த வசனம் ஆறு வரியாகக் குறைந்தது. அந்த ஆறு வரியும் தறிகள் நின்ற பிறகு வருபவை.

சத்தம்: கவனித்ததும் முடிவு செய்ததும்

முதல் நாள் கூடத்தில் ஒரு சோதனைப் பதிவு செய்தோம். தறிகள் ஓடும்போது போனைப் பிடித்துக்கொண்டு, அப்பாவாக நடிப்பவர் தறிகளை நிறுத்தி ஒரு வரி பேசினார். கேட்டுப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன.

தறி ஓசை நசுங்கிப்போய் ஒரே இரைச்சலாக இருந்தது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் அடிக்கும் 'டக் டக்' தனியாகக் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டுத் தறிகளும் எதிர்ச் சந்துத் தறிகளும் ஓடுவதால், நான்கையும் நிறுத்தினாலும் உண்மையான அமைதி கிடைக்காது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் படத்துக்கு நேரடியான ஆபத்து. தறி நின்ற ஓரிரு விநாடிகளில் பின்னணி இரைச்சல் தானாக மெல்ல மேலெழுந்தது. போனின் தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாடு செய்யும் வேலை அது. பெரிய சத்தம் வந்தால் அளவைக் குறைக்கும், சத்தம் நின்றால் ஏற்றும். சாதாரண வீடியோவுக்கு அது உதவிதான். கதையின் உச்சமே சத்தம் நிற்கும் கணம் என்றால், அந்தக் கணத்தை அது அழித்துவிடும். உங்கள் போனில் இது இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. மிக்சியை ஓடவிட்டுப் பதிவு செய்து, சட்டென்று நிறுத்திவிட்டு ஐந்து விநாடி சும்மா இருங்கள். இயர்போனில் கேட்கும்போது 'ஸ்ஸ்' என்ற ஓசை வளர்ந்தால் இருக்கிறது என்று பொருள்.

எனவே ஒரே டேக்கில் சத்தத்தையும் அமைதியையும் பிடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். தறி ஓடும் நாளில் படத்தையும் தறி ஓசையையும் எடுப்பது, பேச்சை வேறொரு நாளில் எடுப்பது, இரண்டையும் எடிட்டிங்கில் ஒட்டுவது என்று முடிவானது.

அந்த வேறொரு நாள் எது என்பதில்தான் குழு கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டியது. இரவில் எடுக்கலாம் என்றார் ஒருவர். ஆனால் தெருவில் இரவிலும் தறி ஓடும். மகளாக நடித்த பெண்தான் சொன்னார், "மாசாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துவாங்கல்ல, அன்னைக்கு எடுக்கலாமே." அன்று அந்தத் துணைமின் நிலையத்துக்கு உட்பட்ட பகுதி முழுக்கத் தறி நின்றுவிடும். தேதியை முன்கூட்டியே செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள். அந்த மாத அறிவிப்பில் காலை 9 முதல் மதியம் 2 வரை என்று இருந்தது.

தறி ஓசையைப் பதிவு செய்ய, Open Camera செயலியின் ஒலி அமைப்பில் பதப்படுத்தாத ஒலியைத் தேர்ந்தெடுத்தோம். எல்லா போன்களும் இதை முறையாக ஆதரிப்பதில்லை, இந்த போன் ஆதரித்தது. அப்போதும் கூடத்தின் நடுவில் நின்றால் ஓசை உடைந்தது. வாசலுக்கு வெளியே நாலடி தள்ளி, மைக்கைத் தறியிலிருந்து திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தபோதுதான் நாடா அடிப்பது பிரிந்து கேட்டது. நான்கு தறியும் ஓடும் ஓசை, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று தனித்தனியாக எடுத்துக்கொண்டோம். அதற்காகத் தறி நின்ற நேரத்துக்கான கூலியைத் தறி ஓட்டுபவருக்குக் கொடுத்தார்கள்.

தறி ஓடும் நாள்: படம் பிடித்தது

முக்காலி இருந்தால் படம் ஆடாது என்று நம்பித்தான் போனார்கள். தறிக்கூடத்தில் தரையே அதிரும். முக்காலியின் கால்கள் அந்த அதிர்வை அப்படியே மேலே கடத்தின. போனுக்குள் இருக்கும் ஆட்டம் தவிர்க்கும் வசதி அதைச் சரிசெய்யப் போராடியதில், படம் ஜெல்லி போல நெளிந்தது. கோணிப்பைகளை நாலாக மடித்து முக்காலிக் கால்களுக்கு அடியில் வைத்ததும் நெளிவு பெரும்பாலும் போனது. அகலமான ஷாட்டுகளை அப்படி எடுத்தார்கள். கைப்பிடியால் தறியை நிறுத்தும் குளோசப்புகளுக்கு முக்காலியையே விட்டுவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, சுவரில் சாயாமல் எடுத்தார் கேமரா பிடித்தவர். சாய்ந்தால் சுவரின் அதிர்வு உடம்பில் ஏறும். இந்த ஒரு இடத்தில் முக்காலியைவிட மனித உடம்பு நன்றாகவே தாங்கியது.

தறிச் சட்டத்திலேயே போனைக் கட்டிவிட்டு நாடா ஓடுவதை எடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்று சொன்னேன். மோட்டார்சைக்கிள் எஞ்சினின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவின் லென்ஸ் நிலைநிறுத்தும் அமைப்பைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருந்தது. தறியின் அதிர்வு மட்டும் கருணை காட்டும் என்று நம்ப இடமில்லை.

இன்னொரு சிக்கல் அன்று மாலை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. டியூப்லைட் வெளிச்சம் விழுந்த சுவர் முழுக்க மங்கலான பட்டைகள் மேலிருந்து கீழே உருண்டுகொண்டிருந்தன. போனின் சின்னத் திரையில் அது யார் கண்ணிலும் படவில்லை. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் அந்தக் கூடத்தின் டியூப்லைட்டுகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு ஏற்ற இறக்கங்கள் அடங்கும், 1/100 என்றால் ஒன்று. வெளிச்சம் சமமாக இருக்கும். போனின் கேமரா தானாக 1/60-ஐயோ, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து அதைவிட வேகமானதையோ தேர்ந்தெடுத்தால் கணக்கு இடிக்கும், பட்டை விழும்.

அந்த போனில் விநாடிக்கு 25 பிரேம் என்ற தேர்வு இல்லை, 30 மட்டுமே. அது தடையில்லை. பட்டையைத் தீர்மானிப்பது ஷட்டர்தான். 30 பிரேமில் விட்டுவிட்டு, செயலியில் ஷட்டரை 1/50-ல் பூட்டி, வெளிச்சத்தை, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ மூலம் சரிசெய்து, வெள்ளைச் சமநிலையையும் குவியத்தையும் பூட்டினார்கள். பட்டை விழுந்த ஷாட்டுகளை வேறொரு நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் திரும்ப எடுத்தார்கள். சுவரின் பட்டைகள் போயிருந்தன.

கரண்ட் இல்லாத நாள்: வெளிச்சமும் பேச்சும்

பராமரிப்பு நாளன்று காலை கரண்ட் போனதும் தெரு அடங்கியது. தறி ஓடாத அம்மாப்பேட்டையைக் கேட்பதே வித்தியாசமாக இருந்தது என்று மாமா சொன்னார். காக்கை, தூரத்தில் ஒரு பஸ் ஹாரன், பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம். இவை எல்லாம் காட்சிக்கு இடைஞ்சல் இல்லாதவை.

டியூப்லைட் இல்லாததால் வெளிச்சம் கிழக்கு ஜன்னல் ஒன்றிலிருந்துதான். நேர் வெயில் கோடாக உள்ளே விழுந்தது. அதை அப்படியே விட்டால் முகத்தின் ஒரு பாதி வெளிறி, மறு பாதி இருண்டுவிடும். போதாக்குறைக்குக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும், பத்து மணி ஷாட்டும் பதினொரு மணி ஷாட்டும் ஒட்டாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை நாலு முழ வேட்டியை இழுத்துக் கட்டினார்கள். வெயில் அதில் பரவி, ஜன்னல் முழுக்க ஒரே மிருதுவான வெளிச்சமாக மாறியது. நடிப்பவர்களை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், மூன்றடித் தள்ளி உட்கார வைத்து, எதிர்ப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தார்கள். அட்டையைக் கிட்டக் கொண்டுவந்தால் நிழல் லேசாகும், தள்ளினால் அழுத்தமாகும். அப்பாவுக்கு அட்டையைத் தள்ளியே வைத்தார்கள். ஜன்னல் பிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொண்டது முக்கியம். வந்திருந்தால் ஜன்னலுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைக்க வேண்டிவந்து முகங்கள் கருத்திருக்கும்.

பேச்சுக்குக் காலர் மைக்கைப் பழைய போனில் செருகி, ஏரோபிளேன் மோடில் போட்டு, நடிப்பவரின் சட்டைப் பையில் வைத்தோம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டைக்கு உள்பக்கம். அப்பாவுக்கு உடனே சரியாக வந்தது. மகளுக்குத் துப்பட்டா உரசும் சத்தம் ஒவ்வொரு அசைவிலும் கேட்டது. மெடிக்கலில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு முக்கோணமாக மடித்து, மைக்கின் இரண்டு பக்கமும் துணியோடு ஒட்டினோம். துணி மைக்கின் மேல் நகராமல் நின்றுவிட்டது. இந்த வேலைக்கு இருபது நிமிடம் போனது.

சிமென்ட் தரையும் தகரக் கூரையும் சேர்ந்து எதிரொலி கொடுத்தன. நெய்து வைத்திருந்த துணி மூட்டைகளை பிரேமுக்கு வெளியே சுவரோரம் அடுக்கி, கேமராவுக்குப் பின்னால் ஜமக்காளம் ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டோம். முற்றிலும் போகவில்லை. கூடத்துக்குள் பேசுவது கூடம் போலக் கேட்பதில் தவறும் இல்லை, வார்த்தைகள் தெளிவாக விழுந்தால் போதும்.

ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன் ஒரு கைதட்டல், முடிவில் இன்னொன்று. அகல ஷாட், பிறகு அப்பாவின் முகம், பிறகு மகளின் முகம் என்ற வரிசையில் எடுத்தார்கள். மின்விசிறி இல்லாத தகரக் கூரைக்குக் கீழே போன் சூடாகித் திரை மங்கியதால், டேக்குகளுக்கு நடுவே அதைத் தண்ணீர்ப் பானை மேல் மூடிய தட்டில் வைத்துக் குளிரவிட்டார்கள்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் வந்துவிட்டது. வேலை முடிந்தால் முன்னதாகவே விடுவது வழக்கம்தான், யாரும் அதைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் தெருவின் தறிகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. மகளின் முகத்தில் எடுக்க வேண்டிய கடைசி இரண்டு வரிகள் பாக்கி. கதையின் கனமே அந்த இரண்டில்தான்.

பிறகு நடந்தது

அந்த இரண்டு வரிகளை அன்று சாயங்காலம், மெத்தையும் துணிமணியும் நிறைந்த ஒரு படுக்கையறையில் ஒலியாக மட்டும் பதிவு செய்தோம். படத்தில் அப்பா கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தின் மேல் அவை ஓடும். அப்படியே வைத்தபோது குரல் கூடத்திலிருந்து வராமல் காதுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. அறையில் எதிரொலியே இல்லாததுதான் காரணம். குரலுக்குச் சிறிய அளவில் எதிரொலி சேர்த்து, அதனடியில் கூடத்தின் வெற்று ஓசையைப் போட்டதும் ஓரளவு ஒட்டியது. நல்லவேளையாக அந்த வெற்று ஓசை கையில் இருந்தது. காலையில் மைக் சோதனையின்போது யாரும் பேசாத ஒரு நிமிடம் பதிவாகியிருந்தது. ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியவில்லை. இயர்போனில் கவனித்துக் கேட்டால் இன்றும் தெரிகிறது.

எடிட்டிங்கில் இன்னொரு தடங்கல். தொடக்கக் கைதட்டலில் ஒலியையும் படத்தையும் பொருத்தினால், நீளமான டேக்குகளின் முடிவுக் கைதட்டல் விலகி நின்றது. உதடு முந்தி, பேச்சு பிந்தி வந்தது. போன்கள் வீடியோவைச் சீரான இடைவெளியில் பதிவு செய்வதில்லை. வெளிச்சம், சூடு ஆகியவற்றைப் பொறுத்து பிரேம்களின் இடைவெளி சற்றுக் கூடிக் குறையும், சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும். எடிட்டிங்குக்குக் கொண்டுபோகும் முன் எல்லாக் கோப்புகளையும் ffmpeg மென்பொருளில் இந்தக் கட்டளையால் சீரான 30 பிரேமுக்கு மாற்றினோம்:

```
ffmpeg -i take.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le -ar 48000 take_30.mov
```

மாற்றிய பிறகு இரண்டு கைதட்டல்களும் பொருந்தின. இரண்டாவது கைதட்டல் இல்லாதிருந்தால், பேச்சு விலகுவதற்கு நடிப்பைத்தான் குறை சொல்லியிருப்போம்.

நான்கு தறிகள் நிற்கும் பகுதிக்கு, வாசலில் எடுத்த நான்கு ஓசைகளையும் ஒவ்வொரு கைப்பிடியிலும் வெட்டி அடுக்கினேன். நான்காவது நின்றதும் பராமரிப்பு நாளின் வெற்று ஓசை. இரண்டு நாளின் வெளிச்சமும் ஒட்டவில்லை. டியூப்லைட் நாள் நீலமாகவும் ஜன்னல் நாள் மஞ்சளாகவும் இருந்தன. நிறத்தை ஓரளவு சமன்செய்தோம். மிச்சமிருந்த வித்தியாசத்தை, அகல ஷாட்டிலிருந்து நேராக அப்பாவின் கைக்கும் அங்கிருந்து முகத்துக்கும் வெட்டி மறைத்தோம்.

ஆறு நிமிடப் படம். தறிக்கூடத்தின் சுவரிலேயே ஒரு புரொஜெக்டரைப் போட்டு, தெருக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினார்கள். மூன்றாவது தறி நின்றபோதே ஒரு பெரியவர், "அடுத்ததையும் நிறுத்துறான் பாரு" என்றார். படுக்கையறை வரிகளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. தறி ஓட்டுபவர் ஒருவர் மட்டும், நூல் அறுந்தால் தவிர இரண்டாவது தறியை அந்தக் கையால் நிறுத்த மாட்டோம் என்று காட்டிக்கொடுத்தார். அது எங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

குழு அடுத்த படத்தையும் அதே கூடத்தில், இன்னொரு பராமரிப்பு நாளில் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறது. ஷாட்டுகளின் வரிசையை அவர்கள் தலைகீழாக்கியிருக்கிறார்கள். கதைக்கு மிக அவசியமான பேச்சு முதலில், அதுவும் குளோசப்பில். அகல ஷாட்டில் வசனம் தெளிவில்லாமல் போனாலும் குளோசப்பின் ஒலியை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம், அதைத் தலைகீழாகச் செய்வது கஷ்டம். ஒவ்வொரு காட்சியும் முடிந்த கையோடு, கேமராவை அணைத்துவிட்டு, அதே இடத்தில் அதே மைக்கில் எல்லா வரிகளையும் இன்னொரு முறை ஒலியாக மட்டும் பேச வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை அது. வெற்று ஓசை ஒரு நிமிடத்தை அன்றைய முதல் பதிவாகவே எடுத்துவிடுவார்கள்.

பேச்சுக் காட்சிகளை முற்பகல் பதினொன்றரைக்குள் முடிப்பது என்று நேரமும் குறித்திருக்கிறார்கள். அதற்கு மேல் கரண்ட் எப்போது வந்தாலும் பேச்சில்லாத ஷாட்டுகள்தான் மிச்சமிருக்கும், அவற்றுக்குத் தறிச் சத்தம் ஒரு பொருட்டில்லை. டியூப்லைட் நாளின் நீலத்தைத் தவிர்க்க, தறி ஓடும் ஷாட்டுகளையும் காலையில் விளக்கை அணைத்துவிட்டு வேட்டி கட்டிய ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுக்கப் பார்க்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் தறி ஓட்டுபவருக்கு நூல் தெரியுமா என்பதை மாமாதான் சொல்ல வேண்டும்.